வளைய அமீனை உடைக்க: இரண்டு சுற்றும் ஹாஃப்மனா, இரண்டாவதில் கோப்பா?

பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. வேதியியல் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். ஹாஃப்மன் நீக்கம், கோப் நீக்கம் இரண்டையும் நடத்தியபோது, "ரெண்டுமே அமீன்ல இருந்து ஆல்கீன் தாறதுதான சார், எதைப் போட்டா என்ன?" என்று ஒரு பையன் கேட்டான். ஒரு கணக்கை இரண்டு வழியிலும் போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

தெரியாத அமீன், C6H13N. முதலில் இரண்டு மெத்தில் அயோடைடை ஏற்கிறது. ஆகவே ஈரிணைய அமீன். கிடைத்த உப்பை ஈரமான வெள்ளி ஆக்சைடோடு கலக்கினால் மஞ்சள் வெள்ளி அயோடைடு படியும். வடிகட்டி, நீரை ஆவியாக்கிச் சூடாக்குகிறோம். இது ஹாஃப்மன் முறையின் ஒரு சுற்று. நைட்ரஜன் வெளியேறாமல் மூலக்கூறிலேயே நிற்கிறது. அது வளையத்துக்குள் இருந்ததற்கு அதுவே சாட்சி. இரண்டாம் சுற்றில் கருவாட்டு வாடையோடு டிரைமெத்திலமீன் வருகிறது, கூடவே C6H10 டையீன்.

சாத்தியமான வளையங்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 3-மெத்தில்பைப்பெரிடினா, 4-மெத்தில்பைப்பெரிடினா என்பதுதான் இனி கேள்வி. முன்னது 2-மெத்தில்-1,4-பென்டாடையீனைத் தரும். வளையம் எந்தப் பக்கம் திறந்தாலும் அதேதான். பின்னது 3-மெத்தில்-1,4-பென்டாடையீன். ஓசோனால் பிளந்தால் இரண்டிலும் ஃபார்மால்டிஹைடு வரும். நடுத்துண்டு மட்டும் மாறும்: முதலாவதில் 3-ஆக்சோபியூட்டனல், இரண்டாவதில் மெத்தில்மலோனால்டிஹைடு. அதை வைத்தே முடிவு சொல்லிவிடலாம்.

ஆனால் ஹாஃப்மன் முறையின் சூடான காரத்தில் 1,4-டையீன் சும்மா இருக்காது. இரட்டைப் பிணைப்பு நகர்ந்து 1,3-டையீன் ஆகும். பைப்பெரிடினைப் பிரித்த ஹாஃப்மனுக்கே 1,4 வடிவம் கையில் நிற்கவில்லை, 1,3-பென்டாடையீன்தான் கிடைத்தது. நம் கணக்கில் சேதம் இன்னும் பெரிது. நகர்ந்து வரும் 2-மெத்தில்-1,3-பென்டாடையீனும் 3-மெத்தில்-1,3-பென்டாடையீனும் ஓசோனில் ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு, மெத்தில்கிளையாக்சல் என்ற அதே மூன்றைத்தான் தரும். விடை அழிந்துபோகும்! அசிட்டால்டிஹைடு தென்பட்டாலோ, டையீன் 220 நானோமீட்டருக்கு மேல் புறஊதாவை வலுவாக உறிஞ்சினாலோ நகர்வு நடந்துவிட்டது என்று அறியலாம்.

கோப் முறையில் காரமே கிடையாது. மூவிணைய அமீனை ஹைட்ரஜன் பெராக்சைடால் N-ஆக்சைடாக்கி, 100 முதல் 150 டிகிரிக்குள் சூடாக்கினால் போதும். ஆக்சிஜனே பக்கத்து ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ள, டைமெத்தில்ஹைட்ராக்சிலமீன் பிரிந்துபோகிறது. பிணைப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அப்படியானால் முதல் சுற்றிலேயே கோப்பைப் போடலாமே என்றால், முடியாது. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒரே தளத்தில், ஒரே பக்கம் வந்தாக வேண்டும். ஆறணு வளையத்துக்குள் நைட்ரஜன் மாட்டிக்கொண்டிருக்கும்போது அந்த நிலை அமையாது.

அதனால் என் தேர்வு கலப்பு வழிதான்: வளையத்தைத் திறக்க ஹாஃப்மன், திறந்த சங்கிலியிலிருந்து நைட்ரஜனைக் கழற்ற கோப். நேர்ச்சங்கிலி அமீன் என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம், ஹாஃப்மன் ஒன்றே போதும். கோப்பில் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. மிச்சமிருக்கும் பெராக்சைடை மாங்கனீஸ் டைஆக்சைடு போட்டுச் சிதைத்து, ஸ்டார்ச்-அயோடைடு தாள் நீலமாகாததைப் பார்த்த பிறகே கரைசலை வற்றவைக்க வேண்டும். பெராக்சைடோடு வற்றவைத்தால் வெடிக்கக்கூடும்.