திட்டத் தேதியும் நடந்த தேதியும்: ஆறு வீடு கட்டிய பிறகு ஒரு கூகுள் ஷீட்டைப் பற்றி

தஞ்சாவூர்ப் பக்கம் சின்ன அளவில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். வருடத்துக்கு ஒன்றிரண்டு வீடு, அவ்வளவுதான். நான்கு வருடங்களுக்கு முன்பு எந்த வேலை எப்போது முடிய வேண்டும், உண்மையில் எப்போது முடிந்தது என்று கூகுள் ஷீட்டில் எழுத ஆரம்பித்தேன். இதற்கென்று தனி மென்பொருள் எதுவும் வாங்கவில்லை. ஆறு நெடுவரிசைதான்: வேலை, திட்டத் தொடக்கம், திட்ட முடிவு, நிஜத் தொடக்கம், நிஜ முடிவு, காரணம்.

முதல் வீட்டின் ஷீட் இப்போது எதற்கும் உதவாது. வேலை தள்ளிப்போகும்போதெல்லாம் திட்டத் தேதியையே மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். வீடு முடிந்து திறந்து பார்த்தால் எல்லா வேலையும் சொன்ன நாளில் முடிந்த மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். இரண்டாவது வீட்டிலிருந்து அஸ்திவாரம் தோண்டும் முன்பே திட்டத் தேதி இரண்டையும் Protect sheets and ranges போய் Show a warning when editing this range போட்டுப் பூட்டிவிடுகிறேன். அவசரத்தில் கை வைக்கப் போனால் எச்சரிக்கை வரும், அது போதும்.

அந்த இரண்டாவது வீட்டில்தான் இந்த ஷீட் எனக்கு உண்மையில் எதையோ காட்டியது. 2023 ஜூன். உள்பூச்சு ஜூன் 12-இல் தொடங்கி 28-இல் முடிய வேண்டும். ஜூலை 3-இல் தொடங்கி 22-இல் முடிந்தது. 24 நாள் தாமதம். வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து கொத்தனாரைத்தான் குறை சொன்னோம். கண்ணுக்குத் தெரிந்தது அவர் வேலைதானே.

ஆனால் முடிவுத் தேதியை மட்டும் ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. அந்த 24 நாளை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: தொடங்கியதே எவ்வளவு தாமதம், தொடங்கிய பிறகு எவ்வளவு இழுத்தது. உள்பூச்சு தொடங்கியதே 21 நாள் தாமதம். அவர் கையில் போனது மீதி 3 நாள்தான். திட்டத்தில் 15 வேலைநாள், அவர் எடுத்தது 18.

வேலைநாளை எண்ண இந்த சூத்திரம்:

```
=NETWORKDAYS.INTL(D2,E2,11,Leave!$A$2:$A$40)
```

11 என்றால் ஞாயிறு மட்டும் விடுமுறை. Leave என்ற தாளில் பொங்கல், தீபாவளி, பக்ரீத் எல்லாம் எழுதியிருக்கும். தேதியை வெறுமனே கழித்தால் ஏமாந்துவிடுவோம். அதே வீட்டில் உள்பூச்சுக்கு முன்பு எலக்ட்ரீஷியன் சுவரில் காடி வெட்டிப் பைப் பதிக்கும் வேலைக்குத் திட்டம் ஜூன் 5 முதல் 10 வரை. நடந்தது ஜூன் 24 முதல் ஜூலை 1 வரை. கழித்துப் பார்த்தால் இரண்டு நாள் அதிகம். நடுவில் ஒரு ஞாயிறும் 29-ஆம் தேதி பக்ரீத்தும் இருந்தன. அவற்றை நீக்கினால் அவர் எடுத்தது 6 நாள், திட்டமும் 6 நாள். எலக்ட்ரீஷியன் சொன்ன சொல் தவறவில்லை.

சரி, அப்படியானால் 21 நாள் எங்கே போனது? ஒரு வேலை முடிந்ததற்கும் அடுத்தது தொடங்கியதற்கும் நடுவில். அதை எண்ண இன்னொரு நெடுவரிசை சேர்த்தேன்:

```
=NETWORKDAYS.INTL(E2,D3,11,Leave!$A$2:$A$40)-2
```

அடுத்த நாளே வேலை தொடர்ந்தால் பூஜ்யம் வரும். தளத்துக்கு அடித்த சென்ட்ரிங் பலகையை ஜூன் 6-இல் பிரித்து முடித்தோம், திட்டத்தை விட 3 நாள்தான் தாமதம். அங்கிருந்து காடி வெட்டத் தொடங்கும் வரை 15 வேலைநாள் வீடு சும்மா நின்றிருக்கிறது. திட்டத்தில் அந்த இடைவெளி பூஜ்யம்.

காரணம் என்ற நெடுவரிசையில் நான் எழுதியிருந்தது ‘எலக்ட்ரீஷியன் வரவில்லை’. இது காரணமே இல்லை. ஏன் வரவில்லை என்று கேட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: ஏசி பாயின்ட் எந்தச் சுவரில், சமையலறையில் எத்தனை பிளக் என்பதை வீட்டில் இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் ஒரு முறை வந்து பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். இப்போது அந்த நெடுவரிசையில் யார் எந்த முடிவுக்காகக் காத்திருந்தார் என்றுதான் எழுதுகிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதற்கு நேரம் இல்லாமல் இல்லை. அந்த வீட்டில் ஹாலின் அகலம் 4.5 மீட்டருக்கு மேல். அப்படிப்பட்ட தளத்துக்கு முட்டு 14 நாளாவது நிற்க வேண்டும் என்கிறது காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. அந்த நாட்களில் உள்ளே முட்டுக்கு நடுவே யாரும் பெரிய வேலை செய்ய முடியாது. ஆனால் வீட்டுக்காரரைக் கூட்டிப்போய்ச் சுவரில் சாக்பீஸால் ஸ்விட்ச் போர்டு இடத்தைக் குறிக்கலாம் அல்லவா? இப்போது ‘பாயின்ட் குறித்தல்’ என்று தனி வரிசையே இருக்கிறது. காங்கிரீட் போட்ட பத்தாம் நாளுக்குள் முடிய வேண்டும். மூன்றாவது வீட்டுக்குப் பிறகு வந்த மூன்று வீட்டில் இரண்டில் இந்த இடைவெளி இரண்டு நாளைத் தாண்டவில்லை. (இன்னொரு வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். வீடியோ கால் ஏற்பாடு செய்யவே ஒரு வாரம்.)

இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்றாவது வீடு வரை ஆனது. அந்த வீட்டுக்குப் போன தடவை தாமதமானதே என்று எல்லா வேலைக்கும் முப்பது சதவீதம் நாள் கூட்டித் திட்டம் போட்டேன். பெரிய தப்பு. நாள் இருக்கிறதென்று ஆட்கள் மெதுவாகச் செய்தார்கள், காத்திருப்பு அப்படியே இருந்தது. தாமதம் காத்திருப்பில் இருக்கும்போது நாளை வேலையில் கூட்டினால் என்ன பயன்?

உண்மையிலேயே வேலை இழுக்கும் இடங்களும் உண்டு. அங்கே நடந்த நாளைத் திட்ட நாளால் வகுத்து வைத்துக்கொள்கிறேன். வெளிப்பூச்சுக்கு ஐந்து வீட்டில் வந்தது 1.1, 1.2, 1.2, 1.3, 2.4. சராசரி எடுத்தால் 1.44. அதை வைத்துத் திட்டம் போட்டால் நல்ல வெயிலில் நாள் மிஞ்சும், மழையில் போதாது. அந்த 2.4 நவம்பரில் சாரம் கட்டி, மழைக்குப் பயந்து பாதி நாள் சும்மா நின்ற வீடு. அதனால் MEDIAN போட்டு 1.2 எடுத்துக்கொள்கிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிப்பூச்சு விழாதபடி வேலை வரிசையையே மாற்றுகிறேன். மழையைச் சதவீதத்தில் அடைக்கப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

தொந்தரவு என்று பார்த்தால் இரண்டு. ஒன்று, தேதியை அன்றன்றைக்கு எழுத வேண்டும். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது மேஸ்திரியைக் கேட்டு எழுதினால் ‘செவ்வாயோ புதனோ’ என்பார். சந்தேகம் வந்தால் போனில் எடுத்த போட்டோவின் தேதியைப் பார்ப்பேன். இரண்டாவது, ‘முடிந்தது’ என்றால் என்ன என்பது. பூச்சு முடிந்தது என்பார்கள், பாத்ரூமில் ஒரு சுவர் பாக்கி இருக்கும், டைல்ஸ் போடுபவர் வந்து திரும்பிப் போவார். அதனால் அடுத்த ஆள் உள்ளே வந்து வேலையைத் தொடங்கக்கூடிய நாளைத்தான் முடிவுத் தேதியாக எழுதுகிறேன். இப்படி எழுத ஆரம்பித்ததும் என் தாமதக் கணக்கு கொஞ்சம் கூடியது. பரவாயில்லை.

இந்த ஷீட்டுக்கு இன்னும் அடங்காதது தலைவாசல் கதவு. ஐந்து வீட்டு விகிதத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டவே இல்லை. ஒருமுறை சொன்ன நாளுக்கு முன்பே வந்தது, ஒருமுறை மூன்று மடங்கு நாள் ஆனது. ஆசாரி வேறு, மரம் வேறு, வேலைப்பாடு வேறு. இப்போது அதற்கு நாள் கணக்கிடுவதில்லை. லிண்டல் போடும் அன்றே ஆர்டர் கொடுத்துவிட்டு, அந்த வரிசையில் ஆர்டர் கொடுத்த தேதியை மட்டும் எழுதி வைக்கிறேன்.