டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தண்ணீர் கட்டிப் பாருங்கள்: வவுனியாவில் நான் ஏமாந்த கதை

எங்கள் வீடு மேல்மாடியில், கீழே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. போன வருடம் குளியலறைத் தரையைக் கிளறி, வோட்டர்புரூஃப் பூச்சு அடித்துப் புது டைல்ஸ் ஒட்டும் வேலையை ஒரு கொந்தராத்துக்காரரிடம் கொடுத்தோம். மூன்றே நாளில் முடித்துவிட்டார். நான்காம் மாதம் கீழ்வீட்டு அக்கா கூப்பிட்டார், "தம்பி, ஒருக்கா வந்து பாருங்கோ, மேல உப்புப் பூத்துக் கிடக்கு, இரவில சொட்டுது." போய்ப் பார்த்தால் கொங்கிறீட் பிளேட்டில் பெயின்ற் உப்பி, தொட்டால் உதிர்கிறது.

கொந்தராத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, "இது பைப் லீக், என்ர வேலையில பிழை இல்லை" என்று போய்விட்டார். சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதலில் பைப்பில் தண்ணீர் வரும்படியே விட்டு, டப்புகளை மட்டும் மூடி, மூன்று நாள் யாரும் அந்தக் குளியலறைக்குப் போகவில்லை. சொட்டு நின்றது. தண்ணீர் வரும் பைப் உடைந்திருந்தால் நாங்கள் பாவிக்காவிட்டாலும் சொட்டியிருக்கும். அப்புறம் தண்ணீர் போகும் ஓட்டையை இறுக்கமாக அடைத்து, வாசலில் சீமெந்தால் சின்ன வரம்பு கட்டி, ஓட்டையடியில் இரண்டு அங்குலம் வரும்வரை தண்ணீர் விட்டேன். சுவரில் மட்டத்தைக் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு பேசினிலும் தண்ணீர் வைத்துக் கோடு போட்டேன், ஏனென்றால் எங்கள் வெயிலுக்குத் தண்ணீர் காய்ந்துதான் குறைந்தது என்று அவர் சொல்லிவிடக் கூடாது. அடுத்த நாள் அதே நேரம் பேசினில் கோட்டை விட்டு இறங்கியதே தெரியவில்லை, தரையில் அரை அங்குலம் இறங்கியிருந்தது, கீழே அதே மூலையில் மறுபடி சொட்டு. ஓட்டை அடைத்துத்தானே இருந்தது, ஆகவே கழிவுப் பைப்பையும் குற்றம் சொல்ல முடியாது. தரைதான்.

ஆனால் தரையில் எந்த இடம் என்று இந்தச் சோதனை சொல்லாது, கீழே சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் கசிவு இருக்கும் என்றும் இல்லை, டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் எங்கும் ஓடும். உடைத்துத்தான் பார்த்தோம். சாம்பல் நிறப் பூச்சு சுவருக்கு இரண்டு விரல் முன்பே நின்றுவிட்டது, சுவரில் ஏறவே இல்லை. மூலையில் சாய்வாகக் கலவை வைக்கவில்லை, ஓட்டையைச் சுற்றி நகத்தால் இழுத்தால் தோல் மாதிரி உரிந்து வந்தது. ஒரே கோட் அடித்து, அது காயுமுன்னே டைல்ஸ் ஒட்டியிருக்கிறார். அவருக்கு எடுத்தால் இப்போது போன் எடுப்பதில்லை. இரண்டாம் முறையும் முழுச் செலவு எங்கள் தலையில், அக்கா வீட்டுப் பெயின்ற் உட்பட.

இந்த முறை வேறு மேசன். மூலைகளில் வலைத்துணி வைத்து, இரண்டு கோட், இரண்டாவதை முதலாவதுக்குக் குறுக்கே அடித்து, சுவரில் ஒரு அடி ஏற்றினார். பூச்சு வாளியில் போட்டிருந்த நாள் கணக்குப்படி காயவிட்டு, டைல்ஸ் ஒட்டுமுன் 48 மணித்தியாலம் தண்ணீர் கட்டினோம். அக்கா கதிரையில் ஏறிக் கையால் தடவிப் பார்த்து, "காஞ்சுதான் கிடக்கு தம்பி" என்ற பிறகுதான் மீதிக் காசைக் கொடுத்தேன்.