நான்கு ஆண்டுகளாக நானே எடுக்கும் கோட்டம்

என்னுடைய சைக்கிள் 26 அங்குலச் சக்கரம், 36 கம்பி, இரும்பு ரிம் கொண்டது. தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறது, பாதி தூரம் குழியும் மேடுமான சாலை. முதல் இரண்டு ஆண்டுகள், ரிம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கோட்டம் விழும்போதெல்லாம் கடையில்தான் கோட்டம் எடுத்தேன். சக்கரம் நேராகவே திரும்பி வரும். மூன்று வாரத்தில் மீண்டும் பிரேக் கட்டையில் உரசத் தொடங்கும். அதன் பிறகு, கம்பியை ரிம்மோடு பிணைக்கும் சிறு திருகான நிப்பிளைத் திருப்பும் சாவி ஒன்றை வாங்கி, நான்கு ஆண்டுகளாக நானே பார்த்துக்கொள்கிறேன்.

முதல் ஓராண்டு நான் செய்ததும் அந்தக் கடை செய்த அதே வேலைதான். ரிம் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதற்கு எதிர்ப்பக்கக் கம்பியை முறுக்கிக்கொண்டே போனேன். ரிம் நேரானது. இரண்டு மாதத்தில் பின்சக்கரத்தில் ஒரு கம்பி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் அருகே, வளைவில் ஒடிந்தது. ஒடிந்தது நான் முறுக்கிய கம்பி அல்ல, அதன் பக்கத்தில் தளர்ந்து கிடந்த கம்பி. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் அசைந்து அசைந்து வளைவில் நைந்துபோகிறது. ரிம் நேராக இருந்தால் மட்டும் போதாது, ஒரே பக்கக் கம்பிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இப்போது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியதும் சாவியைத் தொடுவதில்லை. முதலில் ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கிறேன். சக்கரம் மொத்தமாக 'கடக் கடக்' என்று ஆடினால் குறை கம்பியில் இல்லை, ஹப்பில் பேரிங் குண்டுகளைப் பிடித்திருக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் கோட்டம் பார்ப்பது வீண். அடுத்து, ஒரே பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்துகிறேன். சுண்டினால் தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும், இறுகியது கணீரென்று ஒலிக்கும். பின்சக்கரத்தில் சங்கிலி ஓடும் ஃப்ரீவீல் பக்கக் கம்பிகள் மறுபக்கத்தைவிடச் சற்று இறுக்கமாக இருப்பது இயல்பு. ஆகவே ஒரு பக்கத்தை அதே பக்கத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு குழியில் இறங்கியபின் ரிம் ஓரிடத்தில் 5 மில்லிமீட்டர் இடப்பக்கம் சாய்ந்தது. அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பிகள் இரண்டு துவண்டிருந்தன. நிப்பிள்களில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஊற விட்டேன். துருவோடு திருகினால் நிப்பிளின் விளிம்பு மழுங்கிவிடும். துவண்ட இரண்டையும் அரைத் திருகு இறுக்கினேன், அவற்றுக்கு நடுவே இருந்த இடப்பக்கக் கம்பியைக் கால் திருகு தளர்த்தினேன். இறுக்குவதை மட்டுமே செய்தால் ரிம் அந்த இடத்தில் ஹப்பை நோக்கி இழுபட்டு, வட்டம் கெடும். திசையில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம்: டயர்ப் பக்கமிருந்து நிப்பிளின் தலையைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். மூன்று சுற்றில் 5 மில்லிமீட்டர் ஒன்றாகக் குறைந்தது. பிறகு கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையால் பலமாக நெரித்தேன். முறுக்கேறி நின்ற கம்பிகள் 'டக்' என்று விடுபட்டன, ரிம் மீண்டும் சிறிது சாய்ந்தது, மறுபடி சரிசெய்தேன். சாலையில் நடக்கப்போவதை வீட்டிலேயே நடத்திவிடும் இந்த வேலையைத்தான் கடையில் ஒருவரும் செய்யவில்லை. அந்தக் கோட்டம் எட்டு மாதம் திரும்பவில்லை.

எட்டாவது மாதம் நடைபாதை விளிம்பில் மோதினேன். இம்முறை வலப்பக்கக் கம்பிகள் விறைத்து நிற்க, இடப்பக்கக் கம்பிகள் தொங்கின. ஆனாலும் ரிம் 3 மில்லிமீட்டர் இடப்பக்கமே நின்றது. அப்படி இருந்தால் வளைந்தது ரிம்தான், இனிச் சாவிக்கு வேலையில்லை. டயரைக் கழற்றி, அங்குள்ள ஆறு கம்பிகளைத் தளர்த்தினேன். பிதுங்கிய பக்கம் மேலே வருமாறு சக்கரத்தைக் கிடத்தி, பிதுக்கத்தின் இருபுறமும் எதிர்ப்புறமும் அச்சு தரையைத் தொடாத உயரத்தில் மரக்கட்டைகள் வைத்து, பிதுக்கத்தின் மேல் உள்ளங்கையால் உடல் எடையைக் கொடுத்தேன். சிறிது சிறிதாகத்தான் கொடுக்க வேண்டும், மிஞ்சிவிட்டால் மறுபக்கம் வளையும். இரும்பு ரிம் இதைத் தாங்கும். அலுமினிய ரிம் விரிசல் விடக்கூடும், அதில் நான் முயல மாட்டேன். கம்பிகளைச் சமமாக ஏற்றியபின் ரிம்முக்குள் நீட்டிய கம்பி முனை ஒன்றை அரத்தால் தேய்த்தேன், இல்லையென்றால் டியூபைக் குத்தும்.

முடிவில் ஒன்றரை மில்லிமீட்டர் கோட்டம் மிச்சம் நிற்கிறது. மோதிய இடத்தில் ரிம் சற்றுத் தட்டையாகவும் இருக்கிறது. அதைக் கம்பியால் நிமிர்த்த முடியாது. பிரேக் கட்டை உரசவில்லை, கம்பிகள் ஒரே சுரத்தில் ஒலிக்கின்றன. ஆகவே இந்த ரிம்மை இப்போதைக்கு மாற்றப்போவதில்லை.