உண்டியலா, பாக்கெட் மணியா: ஏழு வயதுக்கு எது?

இரண்டில் ஒன்றுதான் என்றால் என் ஓட்டு பாக்கெட் மணிக்கு. வாரம் 20 ரூபாய், நான்கு ஐந்து ரூபாய் நாணயங்களாக, சனிக்கிழமைதோறும்.

உண்டியலால் காசைச் சேர்க்கும் பழக்கம் வரும், அது தெரிந்ததுதான். ஆனால் மண் உண்டியலுக்குள் போன காசு கண்ணில் படாது, உடைக்கும்வரை கைக்கும் வராது. தாத்தா கொடுத்த நூறும் அப்பாவின் சட்டைப்பைச் சில்லறையும் உள்ளே விழும். எவ்வளவு சேர்ந்தது, எதற்காகச் சேர்க்கிறோம் என்று பிள்ளைக்குத் தெரியாது. போடத்தான் கற்றுக்கொள்கிறது; வாங்கலாமா, விடலாமா என்று யோசிக்கும் வேளையே வருவதில்லை.

பாக்கெட் மணியில் அந்த வேளை வாரத்துக்கு நாலு தடவை வரும். 60 ரூபாய் கலர் பென்சில் பெட்டி வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பன்னிரண்டு நாணயங்கள் வேண்டும். காலி கண்ணாடிப் பாட்டிலில் வாரம் மூன்று போட்டு, ஒன்றை மிட்டாய்க்கு வைத்துக்கொண்டால் நாலாவது வாரம் பெட்டி வந்துவிடும். மூன்றாவது வாரம் நாலு நாணயத்தையும் செலவழித்துவிட்டால் ஐந்தாவது வாரம்தான். அந்த ஒரு வாரத் தள்ளிப்போதலைப் பிள்ளை பாட்டிலைப் பார்த்தே புரிந்துகொள்ளும். இந்த வயதில் நாலைந்து வாரத்துக்கு மேல் இழுக்கும் இலக்கு வேண்டாம், ஆசை வேறொன்றுக்குத் தாவிவிடும்.

எல்லாம் தீர்மானமாவது காசு தீர்ந்த பிறகு நாம் நடந்துகொள்வதில்தான். ஞாயிற்றுக்கிழமையே நாலும் காலியாகிவிடும், செவ்வாய்க்கிழமை கடை வாசலில் அழுகை வரும். அப்போது அடுத்த வாரக் காசை முன்கூட்டிக் கொடுத்தால், அழுதால் காசு வரும் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். திட்டவும் வேண்டாம், "அப்பவே சொன்னேன்ல" என்றும் வேண்டாம். "சனிக்கிழமை வரும்டா" என்று சொல்லிவிட்டு நடந்தால் போதும். பாட்டி ரகசியமாகப் பத்து ரூபாய் நீட்டினாலும் இதே சேதம்தான், அவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். பென்சில், நோட்டு, பள்ளித் தின்பண்டம் எல்லாம் வீட்டுச் செலவு. அவற்றை இந்த இருபதில் ஏற்றினால் பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சாது. நாமும் சனிக்கிழமையை மறக்கக் கூடாது. இரண்டு முறை தவறினால் பிள்ளை காத்திருப்பதை விட்டுவிட்டுக் கேட்டுக் கேட்டு நச்சரிக்கத் தொடங்கும்.

ஏழு வயதில் வந்த நிதானம் பதினைந்திலும் நிற்குமா என்று உறுதி சொல்ல முடியாது. போனில் ஸ்கேன் செய்தே எல்லாம் வாங்கும் வீட்டில் கைக்காசு கூடுதலாக உதவும் என்பது என் எண்ணம்.

உண்டியலைத் தூக்கிப்போடவும் வேண்டாம். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் உறவினர் தரும் நூறு, இருநூறு அதில் போகட்டும். 500 சேர்ந்ததும் பிள்ளையையும் அழைத்துப்போய் அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். பத்து வயதுவரை கணக்கைப் பெற்றோர்தான் நடத்த வேண்டும்.