கடைப் பக்கத்தை யாரிடம் கொடுப்பது: ஏஜென்சியா, உள்ளூர் ஆளா?

கும்பகோணத்தில் எங்களுடையது மேட்சிங் சென்டர். ப்ளவுஸ் பிட், ஃபால்ஸ், லைனிங் துணி விற்கிறோம். இன்ஸ்டாகிராமையும் கூகுள் மேப்பையும் கவனிக்க ஆள் தேடியபோது இரண்டு வழி கிடைத்தது. ஒன்று ஏஜென்சியின் மாதப் பேக்கேஜ்: 12 போஸ்டர், 4 ரீல்ஸ், ₹12,000. இன்னொன்று, வாரம் ஒருநாள் கடைக்கே வந்து புதுச் சரக்கைப் படமெடுத்துப் போடும் உள்ளூர்ப் பெண்: ₹6,000. விளம்பரச் செலவு இரண்டிலும் தனி. நாங்கள் உள்ளூர்ப் பெண்ணிடம் கொடுத்தோம்.

போஸ்டர் அழகில் ஏஜென்சிதான் மேல். பணம் மிச்சமாவதும் நல்லதுதான். ஆனால் மாதக் கடைசியில் எந்தக் கணக்கைக் காட்டுவார்கள் என்பதை வைத்துத்தான் முடிவெடுத்தோம்.

ஏஜென்சியின் மாதிரி ரிப்போர்ட்டில் ரீச், லைக், ஃபாலோயர் மட்டுமே இருந்தன. டிரெண்டிங் பாட்டோடு போட்ட ரீல் லக்னோவில் ஓடினாலும் ரீச் ஏறும். அங்கிருந்து யாரும் பிட் வாங்க வரப்போவதில்லை. பார்த்தவர்கள் எந்த ஊர் என்ற பட்டியல் இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸிலேயே இருக்கிறது. யாரிடம் பேசினாலும் முதலில் அதைக் கேளுங்கள்.

இந்தப் பெண் இன்ஸ்டாவுக்கும் கூகுளுக்கும் தனித்தனி வாட்ஸப் லிங்க் வைத்தார்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Insta
https://wa.me/91XXXXXXXXXX?text=Google
```

லிங்கைத் தொட்டதும் அந்த வார்த்தை மெசேஜ் பெட்டியில் தானாக வந்து நிற்கும். சுவாமிமலையிலிருந்து ஒரு அக்கா "Insta" என்ற வார்த்தையோடு மாம்பழ மஞ்சள் பட்டுப்புடவை படம் அனுப்பினார். வாட்ஸப் பிசினஸில் அவருக்கு 'இன்ஸ்டா' என்று லேபிள் போட்டோம். மூன்று பிட்டைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பினோம், ட்யூப்லைட்டில் மஞ்சள் மாறித் தெரியும் என்பதால். அவர் வந்து வாங்கியதும் 'வாங்கினார்' லேபிளும் சேர்ந்தது. மாதக் கடைசியில் இரண்டு லேபிளும் உள்ளவர்களை எண்ணினால் போதும், எத்தனை பேர் இன்ஸ்டாவால் வந்து வாங்கினார்கள் என்று தெரிந்துவிடும்.

இதிலும் ஓட்டை உண்டு. அந்த வார்த்தையை அழித்துவிட்டு அனுப்புபவர்கள், ரீலைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வருபவர்கள் கணக்கில் விழமாட்டார்கள். கூகுள் காட்டும் அழைப்புக் கணக்கும் பட்டனைத் தொட்ட கணக்குதான், பேசிய கணக்கல்ல. ஆவணி முகூர்த்த நேரத்தில் வியாபாரம் எப்படியும் ஏறும். அதை ஆடியோடு ஒப்பிட்டுக் காட்டினால் ஏற்காதீர்கள். போன வருட ஆவணியோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

தனி ஆள் என்பதால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வாரம் போஸ்ட் இல்லை. நான்கைந்து கிளையும் தினசரி விளம்பரமும் இருக்கும் கடைக்கு ஏஜென்சி சரிப்படலாம். பெரிய விளம்பரச் செலவில் எனக்கு அனுபவம் குறைவு. அப்புறம், யாரிடம் கொடுத்தாலும் கூகுள் பக்கத்தின் ஓனர் உங்கள் ஜிமெயிலாகவே இருக்கட்டும். அவர்களை மேனேஜராக மட்டும் சேருங்கள், ஆளை மாற்றும்போது ரிவ்யூக்களோடு பக்கம் உங்களிடமே இருக்கும்.