8 ஜிபியா 12 ஜிபியா? ஸ்டூடன்ட் பட்ஜெட்ல எந்த கிராஃபிக்ஸ் கார்டு: 4060, 3060, 4060 டிஐ, பி40

காலேஜ் ஜூனியர் தம்பி ஒருத்தன் கேட்டான், "அண்ணா, செகண்ட் ஹேண்ட் 3060க்கு மேல கொஞ்சம் பணம் போட்டா புது 4060 வாரண்டியோட வந்துருது, ஜெனரேஷனும் புதுசு, இதுல யோசிக்க என்ன இருக்கு?" கேம் ஆடத்தான்னா யோசிக்கவே வேணாம், 4060 வாங்குன்னு சொல்லியிருப்பேன். ஆனா அவன் பண்ணப்போறது தமிழ் கேள்வி பதில் டேட்டா வெச்சு `Qwen2.5-7B` மாடல ஃபைன்ட்யூன் பண்றது. அதுக்கு முதல்ல பாக்க வேண்டியது வேகம் இல்ல, அந்த வேலை கார்டுக்குள்ள அடங்குமாங்கறதுதான், 4060ல இருக்கறது 8 ஜிபி மெமரி, 3060ல 12.

சரி உக்காந்து கணக்கு போடலாம்டான்னு சொல்லி பேப்பர்ல போட்டோம். 7பின்னு பேரு இருந்தாலும் மொத்தம் 760 கோடி பாராமீட்டர். 4 பிட்டுக்கு குறைச்சா ஒரு பாராமீட்டருக்கு அரை பைட், அப்போ 3.8 ஜிபிதானேன்னு அவன் நெனச்சான், நிறைய பேர் ஏமாந்து போற எடமே இதுதான். வழக்கமா பிட்ஸ்அண்ட்பைட்ஸ் லைப்ரரில லோட் பண்ணும்போது உள்ள இருக்கற லேயர் மட்டும்தான் 4 பிட் ஆகும், டோக்கன் டேபிளும் கடைசில வர்ற அவுட்புட் லேயரும் 16 பிட்லயே நிக்கும். இந்த மாடலுக்கு டேபிள் சைஸ் 1,52,064 வரிசை, ஒரு வரிசைக்கு 3584 எண்ணு, ஒரு எண்ணுக்கு 2 பைட், பெருக்கிப் பாத்தா கிட்டத்தட்ட 1.1 ஜிபி, அது மாதிரி ரெண்டு. ஆக மாடல் உள்ள போய் உக்காரவே ஐந்தரை ஜிபி ஆயிடுது.

அதுக்கு மேல லோரா, அதாவது மாடல அப்படியே விட்டுட்டு பக்கத்துல சின்னதா சேத்து அத மட்டும் ட்ரெயின் பண்ற முறை. ரேங்க் 16 வெச்சு எல்லா லீனியர் லேயருக்கும் போட்டா சுமார் 4 கோடி பாராமீட்டர் ட்ரெயின் ஆகும், அதுல ஒவ்வொண்ணுக்கும் வெயிட், கிரேடியன்ட், ஆடம் வெச்சுக்கற ரெண்டு எண்ணு எல்லாம் சேத்து 16 பைட், அதாவது 0.65 ஜிபி, இது பெரிய விஷயமே இல்ல. பெரிய விஷயம் லாஸ் கணக்கு போடற எடம். ஒவ்வொரு டோக்கனுக்கும் அந்த 1,52,064 வரிசைக்கும் ஒரு ஸ்கோர் வரணும், 1024 டோக்கன் நீளத்துக்கு 32 பிட்ல அதுவே 0.6 ஜிபி, அதோட 16 பிட் காப்பி, திரும்பி வர்ற கிரேடியன்ட்டுன்னு சேத்தா ஒன்றரை ஜிபி கிட்ட வந்துரும். கிரேடியன்ட் செக்பாயின்ட்டிங் ஆன் பண்ணியிருந்தாலும் ஆக்டிவேஷனுக்கு கொஞ்சம், என்விடியாவோட கூடா சாஃப்ட்வேர் தனக்குன்னு புடிச்சு வெச்சுக்கறது கொஞ்சம், மானிட்டர் அதே கார்டுல மாட்டியிருந்தா டெஸ்க்டாப்புக்கு கொஞ்சம். கூட்டிப் பாத்தா பேட்ச் சைஸ் 1லயே சுமார் 9 ஜிபி. 8 ஜிபி கார்டு இங்கயே அவுட். லாஸை துண்டு துண்டா கணக்கு போடற லைப்ரரி இருக்கு, அன்ஸ்லாத் மாதிரி, அத வெச்சு 8க்குள்ள அடக்கலாம்தான், ஆனா அதுக்கப்புறம் நீளத்த ஏத்த எடமே இருக்காது.

நம்மளுக்கு நீளம் ரொம்ப முக்கியம். தமிழ்ல ஒவ்வொரு யூனிகோட் குறியும் யூடிஎஃப்-8ல 3 பைட், "மி"ன்னு ஒரு எழுத்து போட்டா "ம"வும் இகரக் குறியும் தனித்தனி குறி, மொத்தம் 6 பைட். டோக்கனைசர் தமிழ அதிகம் பாக்காம வளர்ந்ததுன்னா ஒரே வார்த்தைய பல துண்டா ஒடைக்கும், இங்கிலீஷ்ல நூறு டோக்கன்ல முடியற பத்தி தமிழ்ல பல நூறு டோக்கன் எடுக்கும். அதனால 1024ங்கறது தமிழுக்கு சீக்கிரமே பத்தாம போயிரும். 2048க்கு ஏத்தினா நம்ம கணக்கு 11 ஜிபி கிட்ட வருது, 3060ல மூச்சுத் திணறித்தான் ஓடும், மானிட்டர மதர்போர்டு போர்ட்டுக்கு மாத்திட்டா கொஞ்சம் எடம் கெடைக்கும் (ப்ராசசர்ல கிராஃபிக்ஸ் இருக்கணும்). 16 ஜிபி 4060 டிஐல அதே வேலை நிம்மதியா ஓடும்.

அப்போ டிஐயே வாங்கிடலாமேன்னா, வெளியான விலையப் பாருங்க, 3060 329 டாலர், டிஐ 16 ஜிபி 499 டாலர், செகண்ட் ஹேண்ட்லயும் அந்த இடைவெளி தெரியும். இன்னொண்ணும் இருக்கு, மெமரி பேண்ட்விட்த் 3060ல செகண்டுக்கு 360 ஜிபி, டிஐல 288தான். பதில் எழுத வைக்கும்போது ஒவ்வொரு டோக்கனுக்கும் மாடல் முழுசையும் ஒரு தடவை படிக்கணும், அதனால 9 ஜிபி சைஸ்ல குறைச்ச 14பி மாடல ஓட்டினா 3060ல அதிகபட்சம் செகண்டுக்கு 40 டோக்கன், டிஐல 32. ட்ரெயினிங்ல மட்டும் டிஐ வேகமா போகும், அங்க கணக்கு போடற சக்திதான் பேசும். பணம் இருந்தா, நீளமான டெக்ஸ்ட் வேலைன்னா டிஐ, இல்லன்னா 3060, என் முடிவு இதுதான்.

24 ஜிபி பி40 மலிவா கெடைக்குதுன்னு காட்டுவாங்க. 2016 கார்டு, சர்வருக்குன்னு செஞ்சது, ஃபேன் கெடையாது, 250 வாட் சூட்ட நீங்கதான் ஃபேன் கட்டி வெளிய தள்ளணும், பவர் கனெக்டரும் சிபியு பக்கம் போற 8 பின் வகை, சாதாரண கிராஃபிக்ஸ் கேபிள சொருகக்கூடாது. டென்சார் கோர் இல்ல, 16 பிட் கணக்கு ரொம்ப மெதுவு, கூடா 13லேருந்து அந்த தலைமுறைக்கு சப்போர்ட்டே எடுத்துட்டாங்க. பெரிய மாடல சும்மா ஓட்டிப் பாக்க ஓகே, ட்ரெயினிங்குக்கு வேணாம். ஏஎம்டி 7600 எக்ஸ்டி 16 ஜிபியும் இருக்கு, ஆனா எடுத்து ஓட்டற கோடு பாதிக்கு மேல கூடாவ நம்பி எழுதுனது, முதல் கார்டா நான் சொல்ல மாட்டேன்.

ஒரு விஷயம் கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும். விண்டோஸ்ல மெமரி பத்தலன்னா எரர் வராமலே ஓடும், டிரைவர் மிச்சத்த சாதா ரேமுக்கு தள்ளிடும். தம்பியோட ரூம்மேட் 8 ஜிபி லேப்டாப்ல அப்படித்தான் ஒரு ராத்திரி முழுக்க ஓட விட்டு, ஓடுதே ஓடுதேன்னு சந்தோஷமா இருந்திருக்கான், காலைல பாத்தா கால்வாசி கூட முடியல. டாஸ்க் மேனேஜர்ல "Shared GPU memory" ஏறிட்டே போனா இதுதான் காரணம். என்விடியா கன்ட்ரோல் பேனல்ல "CUDA - Sysmem Fallback Policy"ய "Prefer No Sysmem Fallback"னு மாத்திட்டா நேரா எரர் வந்துரும், அதுவே நல்லது.

கடைசியா 3060 வாங்க போறப்போ, அதுல 8 ஜிபி வேரியன்ட்டும் இருக்கு, பேண்ட்விட்த்தும் 240தான், பாக்ஸ்ல 12ன்னு போட்டிருந்தாலும் நம்பாதீங்க. பயாஸ மாத்தி பொய் சைஸ் காட்டற கார்டும் உண்டு, அதனால காட்டற நம்பர விட்டுட்டு உண்மையிலேயே நிரப்பிப் பாருங்க. பைடார்ச் போட்ட ஒரு பென்டிரைவ் லினக்ஸ் எடுத்துட்டுப் போய் அவங்க சிஸ்டம்லயே ஓட்டுங்க:

```python
import torch
print(torch.cuda.get_device_name(0))
x = torch.ones(10 * 1024**3, dtype=torch.uint8, device="cuda")
print(sum(c.sum().item() for c in x.split(16 * 1024**2)))
```

10737418240ன்னு வரணும். வேற எண்ணு வந்தாலோ, எரர் அடிச்சாலோ, ஸ்க்ரீன்ல கோடு கோடா வந்தாலோ பணத்த பாக்கெட்ல வெச்சுட்டு கெளம்பிடுங்க. தம்பி ரெண்டு கார்டு இப்படி பாத்து ஒண்ண வேணாம்னுட்டு வந்தான், ரெண்டாவது 3060 இப்ப அவன் ரூம்ல ஓடிட்டு இருக்கு, நீளம் 1536, பேட்ச் 1.