மேனிமில் வீட்டு வரவு செலவு: இரண்டு ஆண்டு அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிற அண்ணன் வீட்டுக் கணக்கைத்தான் முதன்முதலில் மேனிமில் அசைய வைத்தேன். பைத்தானில் எழுதினால் வீடியோவாகத் தரும் இலவச மென்பொருள் அது. முதல் முயற்சியில் ஒரு வட்டம், ஐந்தாறு வண்ணத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் பூஜ்யத்திலிருந்து ஓடி ஏறும் எண். அண்ணி பார்த்துவிட்டு, "எல்லாம் ஓடுகிறது, சரி. கையில் எவ்வளவு நிற்கும்?" என்றார். அதற்கு என் படத்தில் பதில் இல்லை.

வட்டத்தைத் தூக்கி எறிந்தேன். இப்போது ஒரே நீளப் பட்டை, மாத வரவு 32,000. திரையின் அகலம் சுமார் 14 அலகு. ஆயிரம் ரூபாய்க்கு 0.375 அலகு என்று வைத்தால் பட்டை சரியாக 12 அலகு வரும். வாடகை 8,000 வெட்டப்பட்டு விலகியதும் 24,000 நிற்கிறது. மளிகை 9,000 போனால் 15,000, கடன் தவணை 6,000 போனால் 9,000, பள்ளிக் கட்டணம் 5,000 போனால் 4,000, பெட்ரோல் 2,500 போனால் 1,500. திரையில் எப்போதும் இரண்டே எண்கள்தான்: வெட்டியதும் மிஞ்சியதும். பழைய துண்டுகளை மங்கலாக்கிவிடுகிறேன்.

```python
self.play(old.animate.set_opacity(0.25), run_time=1.5)
self.wait(3)
```

`play`, `wait` இரண்டுக்கும் இயல்பான நேரம் ஒரு நொடிதான். எழுதியவனுக்கு அது போதும், முதல்முறை பார்ப்பவருக்குப் போதாது. கடைசி 1,500 அரை அலகுக்குச் சற்றே அதிகம் என்பதால் எழுத்து உள்ளே அடங்காது. பட்டைக்கு மேலே வைக்க வேண்டும்.

தமிழில் இரண்டு தொல்லைகள். `Write` எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைவதால் 'செலவு' என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு மட்டும் முதலில் வந்து தனியே நிற்கும், பார்க்கவே சகிக்காது. `Text` எழுத்தை `FadeIn` கொண்டு காட்டினால் தொல்லை இல்லை. அடுத்தது காற்புள்ளி. ஆண்டு வரவு 3,84,000 என்பதை `Integer` 384,000 என்று காட்டுகிறது. நம் ஊரில் யார் அப்படிப் படிப்பார்கள்? எண்ணை நானே லட்சக் கணக்கில் பிரித்து, சரமாக `Text`-க்குக் கொடுக்கிறேன்.

ஆடியில் அண்ணனுக்கு வேலை குறைந்து வரவு 27,000 ஆனபோதுதான் பெரிய தவறு செய்தேன். பட்டை திரையை நிரப்பட்டும் என்று அளவை மாற்றிவிட்டேன். இரண்டு மாதப் பட்டைகளும் ஒரே நீளத்தில் தெரிந்தன. வரவு குறைந்தது கண்ணுக்குப் படவே இல்லை. இப்போது 0.375-ஐ எந்த மாதமும் தொடுவதில்லை. ஆடிப் பட்டை 10.125 அலகோடு நின்றுவிடும். செலவு 30,500-க்குப் போதாத 3,500-ஐ, பட்டை முடிந்த இடத்திலிருந்து உள்ளீடற்ற புள்ளிக்கோட்டுப் பெட்டியாக நீட்டுகிறேன். அண்ணி அந்தப் பெட்டியைத் தொட்டு, "இதுதான் சீட்டுப் பணத்தில் எடுத்தது" என்றார்.